பாதியில் எழுந்திருக்காதவர்

ஆபீசில் எல்லோரும் சேர்ந்து ஒரு முறை செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை ஏறினோம். தாலுகா ஆபீஸ் ஆட்கள் பதினான்கு பேர், சித்திரை மாதம், பத்து மணிக்கே கல் சுட்டது. பாதி மலையில் ஆளுக்கொரு நிழலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டோம். துணைத் தாசில்தார் கீழே பிரியாணி ஆறிவிடும் என்றார். அதைவிட நல்ல காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. இறங்கிவிட்டோம்.

என் எதிர் மேஜை சார் மட்டும் மேலே போனார். குடையை விரித்துக்கொண்டு போனார். நாங்கள் சாப்பிட்டு, தூங்கி, சீட்டாடி, வேனில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தபோதுதான் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேல இன்னா சார் இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. கொரங்கு இருக்குது. ஆனா பார்த்தாச்சு."

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த "ஆனா பார்த்தாச்சு"தான். செஞ்சி தாலுகா ஆபீசில் அவர் தலைமை எழுத்தர், நான் அவருக்கு எதிர் மேஜையில் உதவியாளர். ஒன்பது வருஷம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. தலை முழுக்க நரைத்திருக்கும், மீசைக்கு மட்டும் சாயம். முழுவதும் அடிக்கலாமே சார் என்று ஒருவர் கேட்டதற்கு, தலையில் ஆரம்பித்தால் மாதா மாதம் நிறுத்தாமல் அடிக்க வேண்டும், மீசை என்றால் சமாளித்துவிடலாம் என்றார்.

ஆரம்பித்ததை அவரால் விட முடியாது. அவ்வளவுதான் அவர். பேப்பர் எடுத்தால் கடைசிப் பக்கத்து டெண்டர் அறிவிப்பு வரை படிப்பார். மோசமான சினிமா என்று தியேட்டரே காலியானாலும் பெயர்ப்பட்டியல் ஓடி முடிகிற வரை உட்கார்ந்திருப்பார். ஒரு முறை வங்கி அவர் கணக்கில் பதினேழு ரூபாயை ஏதோ கட்டணம் என்று பிடித்துவிட்டது. பதினோரு மாதம் கடிதம் எழுதினார். தபால் செலவே நூறைத் தாண்டியிருக்கும். பதினேழு ரூபாய் திரும்பி வந்த அன்று ஆபீசுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். "ஃபைல் குளோஸ்" என்று சொல்லி, மேஜையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்.

அவர்கள் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள், சொந்த ஊர் மேல்சித்தாமூர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். நடக்கும்போது எறும்பு வரிசை குறுக்கே வந்தால் நின்று, அது போன பிறகு போவார். நிஜமாகவே நிற்பார். நான் பின்னால் வந்து இரண்டு தரம் அவர் மேல் மோதியிருக்கிறேன். இப்படிப்பட்ட மனிதருக்கு ரம்மி ஆப்பைக் காட்டியது நான்தான். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவர் ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே தெரு. சாயந்தரம் அவர் கேட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது ஒரு மனுவோ சான்றிதழோ கொண்டுவந்து சார் இதைப் பாருங்கள் என்று கேட்க மாட்டார்களா என்று நிற்பது போலத் தோன்றும். முதல் வருஷம் வந்தார்கள். அப்புறம் எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் இருக்கும் பெண்ணே தட்டிக் கொடுத்துவிட்டாள்.

நான் அப்போது போனில் ரம்மி ஆடுவேன். பெரிதாக இல்லை, இருபது ரூபாய் மேஜை. நண்பரைச் சேர்த்துவிட்டால் போனஸ் என்று அந்த ஆப் தினமும் நச்சரித்தது. யாரைச் சேர்ப்பது என்று தலையைத் தூக்கினேன், எதிர் வீட்டுக் கேட்டில் சார் நின்றுகொண்டிருந்தார்.

"சூதாச்சே தம்பி," என்றார். அவர்கள் வீட்டில் விலக்க வேண்டியவற்றில் முதலில் சொல்லித் தருவதே அதைத்தான்.

கோர்ட்டே இதைத் திறமை விளையாட்டு என்று சொல்லியிருக்கிறது என்றேன். தீர்ப்பைக் கேட்டார். போனில் செய்தியைத் தேடிக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே கடைசி வரி வரை படித்தார். என் அழைப்பு எண்ணைப் போட்டு ஆப்பை இறக்கிக்கொண்டார்.

அவரை வளைத்தது போனஸ் இல்லை. இரண்டாம் நாள் பணம் எடுக்க வேண்டுமானால் அடையாளச் சான்று வேண்டும் என்று பான் அட்டையைக் கேட்டிருக்கிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். படம் மங்கலாக உள்ளது, மறுபடி அனுப்பவும் என்று திருப்பிவிட்டது. காலையில் என்னிடம் வந்து அந்தச் செய்தியைக் காட்டினார். முப்பத்தாறு வருஷம் மற்றவர் பேப்பரைத் திருப்பி அனுப்பியவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒழுங்கானவனுங்க தம்பி. சும்மா வாங்கிப் போட்டுக்கல. பார்த்துத் திருப்பியிருக்கான்."

அடுத்து, ஜெயித்த முந்நூற்று நாற்பது ரூபாயை வங்கிக்கு எடுத்துப் பார்த்தார். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. அத்தோடு அவர் விசாரணை முடிந்தது. ஆப் தேர்வாகிவிட்டது.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் மாட்டியது அதில்தான். பதின்மூன்று சீட்டு கையில் வரும். அதை வரிசையாகவும் கூட்டமாகவும் சேர்க்க வேண்டும். ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்றாவது கட்டாயம். சேர்த்து முடித்தவர் ஜெயித்தார், மற்றவர்கள் கையில் ஒட்டாமல் நிற்கும் சீட்டுக்கெல்லாம் புள்ளி. அதிகபட்சம் எண்பது. ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் மேஜை என்றால், தோற்றால் எண்பது ரூபாய் வரை போகும். ஆனால் சீட்டைப் பார்த்ததும், இது தேறாது என்று முதல் சீட்டை எடுக்காமலே ஒதுங்கிவிட்டால் இருபது புள்ளியோடு போய்விடும். நடுவில் ஒதுங்கினால் நாற்பது. திரையின் ஓரத்தில் "டிராப்" என்று ஒரு பட்டன் அதற்காகவே இருக்கும். ஆடத் தெரிந்தவர்கள் பாதிக்குப் பாதி ஆட்டத்தில் அதைத்தான் அமுக்குவார்கள்.

சார் அதை அமுக்கியதே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்தேன். ஜோக்கர் இல்லை, ஒரு ஜோடி கூட இல்லை, பதின்மூன்றும் பதின்மூன்று திசையில் நின்றது. "டிராப் பண்ணிடுங்க சார்" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், கையெழுத்தில்லாத மனுவை நீட்டியவனைப் பார்க்கும் அந்தப் பழைய பார்வை இருந்தது.

"எடுத்த கையைப் போட்டுட்டு எழுந்திருக்கிறதா?"

எழுபத்து மூன்று புள்ளியில் தோற்றார். உடனே அடுத்த மேஜை. தோற்ற ஆட்டம் அவருக்கு முடியாத ஃபைல். ஜெயித்தால்தான் மூட முடியும். ஜெயித்தாலோ, அன்று காலையில் தோற்றது இன்னும் பாக்கி இருக்கும்.

நான் இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் ஆப்பை நீக்கிவிட்டேன். அவர் இருபது ரூபாய் மேஜையிலிருந்து எண்பதுக்கும், எண்பதிலிருந்து நானூறுக்கும் போனார். பதவி உயர்வு மாதிரிதான் அதைச் சொன்னார். சில்வரிலிருந்து கோல்டு ஆகிவிட்டாராம். கோல்டு ஆனவர்களுக்குத் தனியாக ஒரு மேனேஜர் போன் செய்வான். இரண்டு நாள் ஆடவில்லை என்றால், சார் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பான். இன்றைக்கு ஆயிரம் போட்டால் இருநூறு கூட வரும் என்பான். சார் அந்தப் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தெருவில் போகிறவர்களுக்கு ஓர் ஆள் தன்னைச் சார் சார் என்று கெஞ்சுவது கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் அப்படிக் கெஞ்சியது அந்தப் பையன் ஒருவன்தான்.

வீட்டில் அவர் மனைவிக்கு வேறு கதை சொல்லியிருந்தார். ட்ரெஷரியில் சாஃப்ட்வேர் மாற்றுகிறார்கள், பென்ஷன் பாதிதான் வருகிறது, மீதி அரியராக வரும் என்று. அந்த அம்மாவும் நம்பினார்கள். அரசாங்கத்தில் ஒரு சாஃப்ட்வேரை எட்டு மாதம் மாற்றுவார்கள் என்பதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. மேல்சித்தாமூரில் தன் பங்கு நிலத்தில் மல்லாட்டை, வேர்க்கடலை, போடுகிறவர் தரும் குத்தகையை வைத்து வீட்டை ஓட்டினார்கள். மாடி ஒழுகுகிறது, பென்ஷன் மேல் கடன் எடுத்துக் கட்டுவோம் என்று சார் மூன்று லட்சத்துக்கு வங்கியில் விண்ணப்பித்தபோது, ஜாமீனுக்கு மனைவி கையெழுத்துத்தான் கேட்டார்கள். அந்த அம்மா போட்டுக் கொடுத்தார்கள். மாடி தொடர்ந்து ஒழுகியது.

இனி தரணி. சாரின் மகள் வழிப் பேத்தி. அப்பா இல்லாத பெண், அம்மா விழுப்புரத்தில் நர்ஸ். டூட்டி மாறி மாறி வருவதால் பெண் தாத்தா வீட்டில் தங்கி செஞ்சியிலேயே படித்தாள். அப்போது பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். தாத்தாவின் மூக்கு, தாத்தாவின் நடை. ஆனால் அவர் மாதிரி சத்தமாகக் கேள்வி கேட்க மாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளைப் புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ப்பதாகவும், ஹாஸ்டல் உட்பட எல்லாம் தன் பொறுப்பு என்றும் சார் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

தை மாதம் அவர் ஓய்வு பெற்ற மாதம். வருஷா வருஷம் அந்த மாதத்தில், தான் உயிரோடு இருப்பதை அவர் அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் ட்ரெஷரிக்கு நேரே போய் நிற்பார். அந்த வருஷம் போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடலாம் என்று தரணி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அங்கே இருந்தேன், பேப்பர் வாங்கப் போயிருந்தேன்.

அந்த ஆப்பை இறக்க முதலில் போனில் இடம் இல்லை. தரணி எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுப் பழைய போட்டோக்களை அழித்து இடம் செய்தாள். ஆதார் எண், பென்ஷன் எண் எல்லாம் போட்டதும் ஓடிபி வர வேண்டும். மெசேஜ் பெட்டியைத் திறந்தாள். ஓடிபி மேலே இருந்தது. அதற்குக் கீழே ஐந்நூறு கழிந்தது, ஆயிரம் கழிந்தது, ஐந்நூறு கழிந்தது, இரண்டாயிரம் கழிந்தது என்று விரலால் தள்ளத் தள்ள இறங்கிக்கொண்டே போனது. நானும் பார்த்தேன். அவள் நிதானமாக மேலே வந்து ஓடிபியைப் போட்டாள்.

"கண்ண சிமிட்டு தாத்தா."

சார் போட்டோவுக்கு நிற்பது போல விறைத்து நின்றார். ஆப் ஏற்கவில்லை. சிமிட்டினால்தான் உயிருள்ள ஆள் என்று அது நம்பும். நான்கு முறை திருப்பியது. ஐந்தாவது முறை கண்ணைச் சிமிட்டினார், சான்று வந்துவிட்டது.

"நீ உசுரோட இருக்கிற தாத்தா," என்றாள் தரணி. "இப்ப இன்னொரு ஆப்பைக் காட்டு."

அவர் மறுக்கவில்லை. பெருமையாகத்தான் திறந்தார். கோல்டு என்று மஞ்சளாக மின்னியதைக் காட்டினார். போன தீபாவளிக்கு ஒரே உட்காரலில் பன்னிரண்டாயிரம் ஜெயித்ததைச் சொன்னார். தரணி கேட்டுக்கொண்டே, அவர் ஒரு நாளும் போகாத ஒரு பக்கத்துக்குப் போனாள். அதில் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று இரண்டே வரி. பதினான்கு மாதத்தில் போட்டது ஐந்தரை லட்சம். எடுத்தது அறுபத்தெட்டாயிரம்.

டெண்டர் அறிவிப்பு வரை படிக்கிற மனிதர் அந்த இரண்டு வரியைப் படித்ததே இல்லை.

படித்துவிட்டு, திறமை இருக்கிறது, சீட்டு சரியாக விழவில்லை, விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுவேன் என்றார். இப்போது பாதியில் நிறுத்தினால் அத்தனையும் நஷ்டம் என்றார். அவள் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அதே பக்கத்தில் கீழே, யார் அழைத்துச் சேர்ந்தார் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அங்கிள், அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க ஃப்ரீயா?"

ஃப்ரீ என்றேன். வேறு என்ன சொல்ல.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கூடத்தில் பாய் விரித்து, இரண்டு கட்டுச் சீட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை. ஆட்டக்காரர்கள் மூன்று பேர், சார், நான், அவள். சாரின் மனைவி சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு குண்டானை வைத்தாள் தரணி.

"ஆயா, நீ ஆட வேணாம். ஒவ்வொரு ஆட்டத்திலயும் ஜெயிச்சவங்க நூத்துக்குப் பதினஞ்சு உனக்குக் குடுப்பாங்க. வாங்கிப் போட்டுக்கோ."

எதுக்குடி எனக்கு என்று அந்த அம்மா கேட்டார்கள். பாய் உன்னுது, அதுக்கு என்றாள்.

ஆளுக்கு நூறு கொட்டை. ஆனால் கையில் தரும்போதே இருபத்திரண்டை எடுத்து ஒரு டம்ளரில் போட்டாள். அது வரி, பணம் போடும்போதே போய்விடும் என்றாள். ஆப்பில் அப்படித் தெரியாதே என்றார் சார். ஆப்பில் அதைப் போனஸ் என்று பெயர் மாற்றித் திருப்பிக் காட்டுவார்கள், அதை வைத்து ஆடலாம், வெளியே எடுக்க முடியாது என்று சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் விதிமுறைகளைப் படித்திருந்தாள். தாத்தாவின் பேத்தி, கடைசி வரி வரை.

ஆடினோம். முதல் மூன்று ஆட்டம் அவரே ஜெயித்தார். நிஜமாகவே ஆடத் தெரிந்தவர், எந்தச் சீட்டு விழுந்தது என்று எல்லாம் நினைவில் இருக்கும். ஒவ்வொரு முறை ஜெயித்தபோதும் தரணி எண்ணி ஏழோ ஒன்பதோ பன்னிரண்டோ எடுத்துக் குண்டானில் போட்டாள். அந்த அம்மா காய் நறுக்கிக்கொண்டே இருந்தார்கள். நான் இரண்டாம் முறை நூறு வாங்கினேன், தரணியும் வாங்கினாள். ஒவ்வொரு தரமும் டம்ளருக்கு இருபத்திரண்டு போனது. சார் உற்சாகத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். என்னை இரண்டு தரம் எண்பதில் மாட்டினார். மாட்டியதும் மேஜை இல்லாததால் தொடையைத் தட்டினார்.

இருபத்திரண்டு ஆட்டம் ஆனது. பதினொரு மணிக்கு மேல் ஆகியிருக்கும். தரணி சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு ஜெயிச்சது தாத்தா?"

"நான்தான். இதுல இன்னா சந்தேகம்?" பதின்மூன்று ஆட்டம் அவர் ஜெயித்திருந்தார்.

"எண்ணு."

எண்ணினார். எண்பத்து நாலு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டில் பதின்மூன்று ஜெயித்தவர் கையில், கொண்டு வந்த நூறு இல்லை. என்னிடமும் அவளிடமும் சேர்த்து எண்பத்தாறு. தரணி குண்டானைப் பாயில் கவிழ்த்தாள். கொட்டைகள் சரசரவென்று ஓடிப் பரவின. இருநூற்றிருபது. அவரைக்காயும் நறுக்கி முடிந்திருந்தது.

சார் அந்தக் குவியலைப் பார்த்தார், தன் குவியலைப் பார்த்தார். மறுபடி அந்தக் குவியலைப் பார்த்தார். ஒருவர் கூட ஏமாற்றவில்லை. ஒருவர் கூடத் தப்பாக ஆடவில்லை. ஆட்டம் ஒழுங்காக நடந்தது, அதனாலேயே எல்லாம் அங்கே போயிருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆடினா நம்ம மூணு பேருகிட்டயும் ஒண்ணும் இருக்காது," என்றாள் தரணி. "ஆப்புல இந்தக் குண்டான் கம்பெனியோடது. நீ இத முடிக்கவே முடியாது தாத்தா. இதுக்கு முடிவு வெக்கல."

சாரின் மனைவி அரிவாள்மனையை மடக்கி வைத்தார்கள். குண்டானையும் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இந்த ஆட்டத்த யாரு ஆடறாங்க?"

நான் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சைக்கிளில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போனார், அவர் தெருமுனையைத் தாண்டுகிற வரை யாரும் அசையவில்லை.

"நான்தான்," என்றார் சார்.

அந்த அம்மா யோசித்தார்கள். அவர்களுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"ட்ரெஷரி சாஃப்ட்வேர் இதுதானா?"

அவர் தலையை ஆட்டினார். மாடி என்று ஆரம்பித்தார்கள், அதற்கும் தலையை ஆட்டினார். பிறகு அந்த அம்மா அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கத்தினால் கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். வேளா வேளைக்குச் சாப்பாடு மட்டும் பொழுது சாய்வதற்கு முன்னால் வந்துகொண்டிருந்ததாம்.

நான் வீட்டுக்குப் போய், அந்த ஆப்பை மறுபடி இறக்கி, எனக்கு வந்த அழைப்புப் போனஸ் எவ்வளவு என்று பார்த்தேன். இருந்தது, ஐந்நூறு ரூபாய். எடுத்து அவளிடம் கொடுத்துவிடலாம் என்று போனால், எடுக்க முடியாது, ஆடத்தான் முடியும் என்றது. என் சாரை நான் விற்றதற்கு எனக்குக் கூலியே வரவில்லை. தரணியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஆப்பிலிருந்து விலகிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விதிமுறைகளுக்கு அடியில், ஐந்து பக்கம் தாண்டி. அங்கே போய், என்னை இனி ஆட விடாதே என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். தரணி பக்கத்தைக் காட்டினாள், அமுக்கவில்லை. அவரே அமுக்க வேண்டும் என்றாள். அமுக்கினார். நிச்சயமாகவா என்று கேட்டது. மீதியிருந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தை முதலில் வங்கிக்கு எடுத்தார். மறுபடி அமுக்கினார். ஐந்நூறு போனஸ் தருகிறோம், இருங்கள் என்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை முழுதாகப் படித்தார். படித்துவிட்டு அமுக்கினார்.

மறுநாள் வங்கிக்குப் போய், பென்ஷன் வரும் கணக்கிலிருந்து போன் வழியாகப் பணம் போகிற வசதியை நிறுத்த எழுதிக் கொடுத்தார். மனைவியையும் அதில் கூட்டாகச் சேர்த்தார். ஆப்பின் மேனேஜர் பையன் பத்து நாள் விடாமல் கூப்பிட்டான். சார் ஒரு முறைதான் எடுத்தார். எடுத்து, அவன் எந்த ஊர், சம்பளம் எவ்வளவு, எத்தனை பேரை ஆட வைத்தால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று வரிசையாக விசாரித்தார். நாற்பது நிமிஷம். பையன்தான் வைத்துவிட்டான்.

அந்த ஆடியும் போய் ஆவணியில், காசு கட்டி ஆடும் ஆட்டமெல்லாம் கூடாது என்று டில்லியிலேயே சட்டம் வந்தது. ஆப் பணம் வாங்குவதை நிறுத்தியது. சார் செய்தியை முழுதாகப் படித்துவிட்டு, இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றார். அதற்குள் வெளிநாட்டு ஆப் என்று லிங்க் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். தரணி வாரா வாரம் அவர் போனை வாங்கி அவற்றை அழித்தாள்.

ஆனால் புதுச்சேரிக் கல்லூரி நடக்கவில்லை. மாதம் ஏழாயிரம் சொச்சம் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது, இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் பாக்கி. தரணி திண்டிவனத்தில் அரசுக் கல்லூரியில் பி.காம் விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்தது. தினம் காலை பஸ், சாயந்தரம் பஸ். தெரு முழுக்க ஹாஸ்டல் என்று சொன்னவர், தெருவில் யாராவது கேட்டால் அரசுக் கல்லூரியில் வாத்தியார்கள் நன்றாக இருக்கிறார்களாம் என்று முனகுவார்.

அந்தக் காலை பஸ்ஸில் இடம் கிடைக்காது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் அது திரும்பும்போதே ஆட்கள் ஓடுவார்கள். சார் அறுபத்து மூன்று வயதில் ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார், பேத்திக்கு ஜன்னலோரம். நானும் ஆபீஸ் வேலையாக அந்தப் பஸ்ஸில் போகிற நாட்களில் பார்த்திருக்கிறேன். போட்ட இடத்தில் துண்டு விழவில்லை என்றால் உள்ளே ஏறி நிலைமையைச் சரிசெய்வார். கர்ப்பிணியோ வயசானவர்களோ வந்தால் கொடுத்துவிடுவார். மற்றவர்கள் வழக்கறிஞர் வைத்துத்தான் வர வேண்டும்.

ஒரு நாள் இப்படி ஏறி ஒருவரிடம் வாதாடிக்கொண்டிருந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. இறங்குங்க பெரியவரே என்று கண்டக்டர் சொன்னபோது வளத்தி ரோட்டைத் தாண்டியாகிவிட்டது. சரி, திண்டிவனம் போய்த் திரும்புகிறேன் என்று நின்றுகொண்டார். சட்டைப் பையில் கை விட்டார். வீட்டிலிருந்து அப்படியே ஓடி வந்ததில் பையில் துண்டுச் சீட்டு ஒன்றுதான் இருந்தது. தரணிக்குப் பாஸ். அவருக்குத்தான் டிக்கெட். நான் பர்ஸைத் திறப்பதற்குள் அவள் கல்லூரிப் பையிலிருந்து காசு எடுத்து நீட்டினாள். போகவும் வரவும் இரண்டு டிக்கெட்டுக்குத் தேவையானதை எண்ணிக் கொடுத்தாள்.

அவர் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் பின் சீட்டில் இருந்தேன், எனக்குக் கேட்டது.

"என் மேல கோவமா இருக்கியா பாப்பா?"

தரணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இருக்குது தாத்தா."

"எப்ப முடியும்?"

"தெரியல."

அவர் தலையாட்டினார். இன்னொரு கேள்வி கேட்பார் என்று நான் காத்திருந்தேன், அவர் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக, பாதி உடம்பு வெளியே தொங்க, திண்டிவனம் வரை அவர் உட்கார்ந்துகொண்டு போனார்.